அப்பாவின் இரண்டு கம்பெனிகளை ஒன்றாக்கும்போது: பூலிங்கா, வாங்கல் முறையா?

பினாங்கில் பாதிக் குடும்பத் தொழில்கள் இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. லெபு பாசாரில் ஒரு மசாலா மொத்த வியாபாரம் இருக்கும். சரக்கு ஏற்றி இறக்க வெளி லாரியை நம்பி அலுத்துப்போய், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வர்த்தில் ஒரு கிடங்கும் நாலைந்து லாரியும் வாங்கி, அதற்குத் தனியாக ஒரு சென்டிரியான் பெர்ஹாட் பதிவு செய்திருப்பார்கள். பிள்ளைகள் தலையெடுத்ததும் கேள்வி வரும்: இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா?

ஒன்றாக்கலாம். அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று பூலிங் முறை. இரண்டு கம்பெனிகளின் சொத்து, கடன், ரிசர்வ் எல்லாம் ஏட்டில் இருக்கும் அதே தொகையில் சேரும். பழைய பங்குக்குப் பதில் புதிய பங்கு கைமாறும். மற்றது வாங்கல் முறை. ஒரு கம்பெனி மற்றதைச் சந்தை மதிப்பில் வாங்கியதாக எழுதுவார்கள். வாங்கிய நிகரச் சொத்தின் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த மிச்ச விலை குட்வில் ஆகும். வாங்கப்பட்ட கம்பெனியின் ரிசர்வ் மறைந்துவிடும்.

இதில் எது உங்களுக்கு லாபம் என்று கேட்பதற்கு முன், பூலிங் உங்களுக்குக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். பலர் இந்த இடத்திலேயே வழி தவறுகிறார்கள்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் தமிழ்ப் பாடங்கள் பெரும்பாலும் இந்தியாவின் ஏ.எஸ்.14 தரத்தை வைத்து எழுதப்பட்டவை. அதில் ஐந்து நிபந்தனைகள் உண்டு: எல்லாச் சொத்தும் கடனும் போக வேண்டும், முகமதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாத சாதாரணப் பங்குகளை வைத்திருப்பவர்கள் புதிய கம்பெனியின் பங்குதாரர் ஆக வேண்டும், பின்னப் பங்குக்குத் தவிர ரொக்கம் தரக்கூடாது, தொழில் தொடர வேண்டும், கணக்குக் கொள்கைகளை ஒன்றாக்குவதற்குத் தவிர ஏட்டுத் தொகையை மாற்றக்கூடாது. அந்த நிபந்தனைகளை இங்கே சரிபார்த்து ‘நமக்குப் பூலிங் பொருந்தும்’ என்று முடிவு கட்டுவது தவறு. உலகத் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ்.3 வந்த 2004இலேயே, சம்பந்தமில்லாத இரண்டு கம்பெனிகளுக்குப் பூலிங் என்ற வழி மூடப்பட்டுவிட்டது. மலேசியாவின் எம்.எஃப்.ஆர்.எஸ்.3 அதையே பின்பற்றுகிறது. தனியார் கம்பெனிகளுக்கான எம்.பி.இ.ஆர்.எஸ். தரத்தின் 19ஆம் பிரிவும் வாங்கல் முறையைத்தான் கேட்கிறது. ஆனால் இரண்டு தரங்களும் ஒரு வகை இணைப்பைத் தம் எல்லைக்கு வெளியே விட்டிருக்கின்றன: இணைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே கையின் கட்டுப்பாட்டில் இருக்கும் கம்பெனிகள். அங்கே விதி எதுவும் சொல்லாததால் கம்பெனி ஒரு கொள்கையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பூலிங் உயிரோடு இருப்பது அந்த இடத்தில் மட்டும்தான்.

‘ஒரே குடும்பம்தானே, அப்புறம் என்ன?’ என்று கேட்பார்கள். குடும்பம் என்பது போதாது. அண்ணன் மசாலா கம்பெனியை முழுதாக வைத்திருக்கிறார், தங்கை லாரி கம்பெனியை முழுதாக வைத்திருக்கிறார் என்றால், உடன்பிறப்பு என்பதற்காக அது ஒரே கட்டுப்பாடு ஆகிவிடாது. ஒப்பந்தப்படி இருவரும் சேர்ந்தே இரண்டையும் நடத்தி வந்திருக்க வேண்டும். இணைப்புக்கு முந்தின வாரம் அப்படி ஒரு ஒப்பந்தம் எழுதினாலும் பயனில்லை. கட்டுப்பாடு தற்காலிகமானதாக இருக்கக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. இதற்கு மாறாக, அப்பா இரண்டிலும் 60 சதவீதம் வைத்திருந்து, இணைந்த பின்னும் பாதிக்கு மேல் அவரிடமே இருந்தால் சந்தேகமே இல்லை. கட்டுரையின் மிச்சம் இந்த அப்பாவுக்காக. அண்ணன் தங்கை வகைக்குத் தேர்வு கிடையாது, வாங்கல் முறைதான்.

இனி ஒரு கணக்கு. தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, எல்லாம் ரிங்கிட்டில்.

மசாலா கம்பெனியில் 500,000 பங்குகள், பங்கு முதல் 500,000, பகிராத லாபம் 900,000. அப்பாவுக்கு 60 சதவீதம், மகனுக்கு 40. லாரி கம்பெனியில் 200,000 பங்குகள், முதல் 200,000, பகிராத லாபம் 340,000, பழைய லாரியை மாற்றுவதற்கென்று எடுத்து வைத்த ரிசர்வ் 160,000. இதில் அப்பாவுக்கு 60, மகளுக்கு 40. ஏட்டுப்படி முதலாவதின் நிகரச் சொத்து 1,400,000. இரண்டாவதின் நிகரச் சொத்து 700,000.

பங்கு மாற்று விகிதம் ஏட்டுத் தொகையிலிருந்து வராது. எந்தக் கணக்கு முறையை எடுத்தாலும் விகிதத்தை உண்மை மதிப்பில்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் பணம் மற்றதன் பைக்குப் போய்விடும். மதிப்பீட்டாளர் மசாலா கம்பெனியை 2,500,000 என்கிறார், லாரி கம்பெனியை 1,500,000 என்கிறார். அப்படியானால் ஒரு பங்கு 5 ரிங்கிட், மற்றது 7.50 ரிங்கிட். லாரி கம்பெனியின் 2 பங்குக்கு மசாலா கம்பெனியின் 3 பங்கு. புதிதாக 300,000 பங்கு வெளியாகும், மொத்தம் 800,000. அப்பாவுக்கு 480,000, அதே 60 சதவீதம். மகனுக்கு 200,000, அதாவது 25. மகளுக்கு 120,000, அதாவது 15. மகளின் பங்கை 5 ரிங்கிட்டால் பெருக்கினால் 600,000 வரும். 1,500,000இல் 40 சதவீதமும் அதேதான். விகிதம் சரியா என்று பார்க்க இந்த ஒரு பெருக்கல் போதும். ‘40ஆக இருந்தது 15 ஆகிவிட்டதே’ என்று மகள் பதறினால் இந்தப் பெருக்கலைக் காட்டுங்கள். சதவீதம் குறைந்தது கம்பெனி பெரிதானதால். மதிப்பு ஒரு சென்கூடக் குறையவில்லை.

இந்தியப் பாடப்புத்தகத்தில் அடுத்த படி சுலபம். பங்கின் முகமதிப்பு 1 ரூபாய் என்றால் 300,000 பங்குக்கு 300,000 எழுதி, பழைய முதல் 200,000ஐக் கழித்து, வித்தியாசம் 100,000ஐ ரிசர்வில் சரிக்கட்டுவார்கள். மலேசியாவில் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்ததோடு முகமதிப்பு என்பதே போய்விட்டது. புதிய பங்கு என்ன தொகைக்கு வெளியிடப்பட்டது என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அதுதான் பங்கு முதல். அந்தத் தொகை லாரி கம்பெனியின் பழைய முதலைத் தாண்டும் வித்தியாசம்தான் இணைப்புப் பற்றாக்குறை. அந்த ஒரு எண் இருப்புநிலைக் குறிப்பையே புரட்டிப் போட்டுவிடும். பாருங்கள்:

| | பூலிங் (பங்கு 1 ரிங்கிட்) | பூலிங் (பங்கு 5 ரிங்கிட்) | வாங்கல் முறை |
|---|---|---|---|
| பங்கு முதல் | 800,000 | 2,000,000 | 2,000,000 |
| பகிராத லாபம் | 1,240,000 | 1,240,000 | 900,000 |
| லாரி மாற்று ரிசர்வ் | 160,000 | 160,000 | இல்லை |
| இணைப்புப் பற்றாக்குறை | (100,000) | (1,300,000) | இல்லை |
| மொத்தம் | 2,100,000 | 2,100,000 | 2,900,000 |

பூலிங்கின் இரண்டு பத்திகளிலும் மொத்தம் 2,100,000. இரண்டு ஏடுகளையும் கூட்டினால் வரும் அதே தொகை. ஒவ்வொரு ரிசர்வும் அதனதன் பெயரோடு தொடர்கிறது. பூலிங் என்று சொல்லிக்கொண்டு வரும் கணக்கில் இந்த மொத்தம் மாறியிருந்தால், அல்லது குட்வில் என்று ஒரு வரி எட்டிப் பார்த்தால், யாரோ இரண்டு முறைகளையும் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நடுப் பத்தியைக் கவனியுங்கள். பங்கை 5 ரிங்கிட் என்று ஒப்பந்தத்தில் எழுதியதால் பற்றாக்குறை 1,300,000. அது மொத்தப் பகிராத லாபத்தையும் தாண்டுகிறது. சொத்து குறையவில்லை, தொழில் நஷ்டப்படவில்லை. ஆனாலும் வங்கி அதிகாரி முதலில் பார்ப்பது அந்த அடைப்புக்குறியைத்தான். மலேசியாவில் பூலிங் கணக்குகளில் இப்படிப்பட்ட பெரிய பற்றாக்குறை புதிதல்ல. விளக்கக் குறிப்பு ஒழுங்காக இருந்தால் சமாளிக்கலாம். என்றாலும் அந்த எண்ணை வழக்கறிஞர் தனியாக எழுதிக் கையெழுத்தான பிறகு ஆடிட்டருக்கு அனுப்பும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டிய எண் அது. முத்திரைத் தீர்வையைக் குறைக்கும் தந்திரமாகவும் அதை நினைக்க வேண்டாம். தீர்வை அலுவலகம் ஒப்பந்த விலையையும் பங்கின் மதிப்பையும் பார்த்து, எது அதிகமோ அதில்தான் போடும்.

இந்த எண்ணுக்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. சிறு, நடுத்தரக் கம்பெனிக்கான குறைந்த வருமான வரி விகிதம் (முதல் 150,000க்கு 15 சதவீதம், 600,000 வரை 17 சதவீதம்) கிடைக்க, செலுத்தப்பட்ட சாதாரணப் பங்கு முதல் 2,500,000ஐத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் 2,000,000தான், தப்பித்தோம். மதிப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலான கம்பெனிகளில் ஒப்பந்த விலை அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விடும். அது தெரியவருவது அடுத்த வரிப் படிவம் போடும்போதுதான்.

இப்போது அட்டவணையின் மூன்றாவது பத்தி. வாங்கல் முறையில் லாரி கம்பெனியின் சொத்துகளைச் சந்தை மதிப்புக்கு ஏற்றுகிறோம். கிடங்கு நிலம் ஏட்டில் 450,000, சந்தையில் 800,000. லாரிகளில் இன்னொரு 100,000 ஏற்றம். நிகரச் சொத்து 700,000 என்பது 1,150,000 ஆகிறது. கொடுத்தது 1,500,000, ஆகவே குட்வில் 350,000. (ஏற்றத்தின் மீதான ஒத்திவைத்த வரியை விளக்கம் எளிதாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், நிஜத்தில் அது குட்வில்லைக் கூட்டும்.)

பார்க்க அழகாக இருக்கிறது: மொத்தம் 2,900,000, பற்றாக்குறை இல்லை, நிலம் இன்றைய விலையில். ஆனால் இதற்கு வருடா வருடம் ஒரு விலை கொடுக்க வேண்டும். எம்.பி.இ.ஆர்.எஸ்.படி குட்வில்லை ஆயுளுக்கு ஏற்பத் தேய்க்க வேண்டும். ஆயுளை நம்பகமாகச் சொல்ல முடியாவிட்டால் அதிகபட்சம் 10 ஆண்டு. அது ஆண்டுக்கு 35,000. லாரி ஏற்றம் 100,000ஐ 5 ஆண்டில் தேய்த்தால் இன்னும் 20,000. ஒரு பைசா கையைவிட்டுப் போகாமலே அறிக்கையில் லாபம் ஆண்டுக்கு 55,000 குறையும். இந்தக் குட்வில் தேய்மானத்துக்கு வரிக்கழிவும் கிடையாது. அதோடு லாரி கம்பெனி அத்தனை வருடம் சேர்த்த 340,000 பகிராத லாபமும் 160,000 ரிசர்வும் குழுவின் கணக்கிலிருந்து காணாமல் போகும். அவை வாங்கிய விலைக்குள் கரைந்துவிட்டன என்பது கணக்கியலின் பார்வை.

அப்பா ஒருவரே இரண்டையும் ஆட்டி வைக்கும்போது இந்தப் பார்வை எனக்கு ஒப்பவில்லை. அவர் யாரிடமிருந்து எதை வாங்கினார்? வலது கையிலிருந்ததை இடது கைக்கு மாற்றினார், அவ்வளவுதான். அதில் குட்வில் பிறப்பது செயற்கையாக இருக்கிறது. ஆகவே ஒரே கட்டுப்பாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு நான் பூலிங் பக்கம்தான் சாய்கிறேன். நிலத்தின் இன்றைய மதிப்பை வங்கிக்குக் காட்ட வேண்டும் என்றால் மதிப்பீட்டு அறிக்கையைத் தனியாகக் கொடுக்கலாம். எம்.பி.இ.ஆர்.எஸ். நிலம், கட்டடத்துக்கு மறுமதிப்பு முறையையும் அனுமதிக்கிறது. அதற்காக வாங்கல் முறைக்குப் போக வேண்டியதில்லை.

சரி, ரிசர்வ் தொடர்கிறது என்றால் அந்த 340,000ஐ டிவிடெண்டாக எடுத்துவிடலாமா? இதற்குப் பதில், லாரி கம்பெனி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

பங்கு மாற்று மட்டும் நடந்தால், லாரி கம்பெனி மசாலா கம்பெனியின் துணை நிறுவனமாகத் தனியே இருக்கும். பூலிங் என்பது இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கும் குழுக் கணக்கில் மட்டும் நடக்கிறது. மசாலா கம்பெனியின் சொந்த ஏட்டில் ஒரு முதலீடு ஏறியிருக்கும், பகிராத லாபம் அதே 900,000. குழுக் கணக்கில் 1,240,000 என்று இருப்பதைப் பார்த்து டிவிடெண்ட் அறிவித்துவிடக்கூடாது. டிவிடெண்ட் கொடுப்பது கம்பெனிதான், குழு அல்ல. லாரி கம்பெனி முதலில் தன் லாபத்தை மேலே அனுப்ப வேண்டும். ஒற்றை அடுக்கு முறை என்பதால் அதற்கு மேலே வரி வராது. அதன்பின் மசாலா கம்பெனி பங்குதாரருக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு படியிலும் நிறுவனச் சட்டத்தின் 131, 132ஆம் பிரிவுகள் குறுக்கே நிற்கும்: லாபம் இருக்க வேண்டும், கொடுத்த பின் அடுத்த 12 மாதத்துக்குக் கடன்களை அந்தந்த நேரத்தில் கட்ட முடிய வேண்டும். இன்னொன்று, பழைய லாபம் பெரிதாக மேலே வந்ததும் ஏட்டில் இருக்கும் முதலீட்டுத் தொகை இன்னும் நியாயம்தானா என்று ஆடிட்டர் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

மாறாக, லாரி கம்பெனியையே கலைத்துச் சொத்து, கடன் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டால் பூலிங் மசாலா கம்பெனியின் சொந்த ஏட்டிலேயே நடக்கிறது. 340,000 நேரடியாக வந்து சேரும். ஆனால் இணைப்புப் பற்றாக்குறையும் அதே ஏட்டில் வந்து உட்காரும். 5 ரிங்கிட் விலையில் எழுதியிருந்தால் 1,240,000 லாபத்துக்கு எதிரே 1,300,000 பற்றாக்குறை நிற்கும்போது, பகிர என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நிம்மதியான பதில் கிடையாது. இந்த வழியில் போகிறவர்களை, எவ்வளவு பகிரலாம் என்று வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்கச் சொல்வேன்.

கலைக்கும் வழியில் வேலையும் அதிகம். உயர்நீதிமன்றத்தின் மூலம் போனால் 366ஆம் பிரிவின்படி கூட்டம் கூட்டி, வாக்களித்தவர்களில் மதிப்பில் 75 சதவீதத்தின் சம்மதம் பெற்று, நீதிமன்ற ஆணை வாங்க வேண்டும். கிடங்கு நிலத்தின் பெயர் மாற வேண்டும். 800,000 மதிப்புக்கு முத்திரைத் தீர்வை 18,000 ரிங்கிட். முத்திரைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இணைப்புக்கு விலக்கு கேட்கலாம்; ஈடாகக் கொடுப்பதில் 90 சதவீதமாவது பங்காக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பங்கு மட்டும் மாறினால் 1,500,000க்கு ஆயிரத்துக்கு 3 வீதம் 4,500தான். லாரி கம்பெனியில் பழைய வரி நஷ்டம் ஏதாவது இருந்தால் அது அந்தக் கம்பெனியோடு போய்விடும், கூட வராது. எல்லாவற்றுக்கும் மேலாக லாரி உரிமம். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் ஏ வகை உரிமம் அந்தக் கம்பெனியின் பெயரில் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் தந்தது. கம்பெனி கலைந்தால் புதிய பெயரில் உரிமம் கைக்கு வரும்வரை லாரி பாலம் ஏற முடியாது. ரமலான் சரக்கு வரும் மாதத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் இந்தக் குடும்பத்துக்கு என் சிபாரிசு: பங்கு மாற்று, லாரி கம்பெனி துணை நிறுவனமாகத் தொடரட்டும், குழுக் கணக்கில் பூலிங். நிர்வாகச் செலவை மிச்சப்படுத்துவதே ஒன்றாக்குவதன் முழு நோக்கம் என்றால் மட்டும் கலைப்பதை யோசிக்கலாம். அப்போதும் உரிமம் முதலில், நீதிமன்றம் பிறகு.

கணக்கு போடும்போது தவறு நுழையும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது உள்கணக்கு. மசாலா கம்பெனி லாரிக் கூலியாக 60,000 பாக்கி வைத்திருந்தால், குழுக் கணக்கில் ஒரு பக்கம் கடனாளி, மறுபக்கம் கடன் கொடுத்தவர் இரண்டையும் நீக்க வேண்டும். இதனால் நிகரச் சொத்து மாறாது. ஆனால் பெரும்பாலும் இரண்டு ஏடுகளும் ஒரே தொகையைச் சொல்வதில்லை. மாதக் கடைசியில் போட்ட பில் ஒரு பக்கம் ஏறியிருக்கும், மறுபக்கம் ஏறியிருக்காது. இணைப்பு நாளுக்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு பார்த்தால் அந்த வித்தியாசத்தை யாராவது இணைப்பு ரிசர்வில் தள்ளிவிடுவார்கள்.

இரண்டாவது கொள்கையை ஒன்றாக்குவது. பூலிங்கில் ஏட்டுத் தொகையை மாற்ற அனுமதி இருப்பது இரண்டு கம்பெனிகளின் கணக்குக் கொள்கைகள் வேறாக இருந்தால் மட்டும். ஒன்று சரக்கைச் சராசரி விலையிலும் மற்றது முதலில் வந்தது முதலில் போவது என்ற முறையிலும் வைத்திருந்தால் ஒன்றாக்கி, வித்தியாசத்தை ரிசர்வில் சேர்க்கலாம். ஆனால் லாரிக்கு 8 ஆண்டு ஆயுள், டெலிவரி வேனுக்கு 5 ஆண்டு என்பது கொள்கை வேறுபாடு அல்ல, மதிப்பீடு. லாரி நிஜமாகவே அதிக நாள் ஓடும். அதை இணைப்பின் பேரில் திருத்தி ரிசர்வைக் கூட்டினால் அது பூலிங் அல்ல, ரிசர்வை ஊதிக் காட்டுவது.

கடைசியாக ஒப்பீட்டு ஆண்டு. இரண்டு கம்பெனிகளும் எப்போதும் ஒன்றாகவே இருந்தது போல் பழைய ஆண்டையும் சேர்த்துக் காட்டுவது பூலிங்கில் வழக்கம். இணைந்த நாளிலிருந்து மட்டும் காட்டுவோரும் உண்டு. எதை எடுத்தாலும் கொள்கைக் குறிப்பில் எழுதி, அதையே தொடர வேண்டும். புதிய லாரிக்குக் கடன் கேட்கப் போகும் குடும்பம் என்றால் பழைய ஆண்டையும் சேர்த்துக் காட்டச் சொல்வேன். வாங்கல் முறையில் லாரி கம்பெனியின் வருமானம் வாங்கிய நாளிலிருந்துதான் தெரியும். அக்டோபரில் இணைந்து டிசம்பரில் கணக்கு முடித்தால் மூன்று மாத வருமானத்தோடு வங்கிக்குப் போக வேண்டியிருக்கும். பூலிங்கில் இரண்டு முழு ஆண்டு வருமானம் ஒரே அறிக்கையில் இருக்கும்.